வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பினால் வரி எப்போது தொடங்கும்: 182 நாள் கணக்கும் அதற்குப் பின்னால் இருப்பதும்

தண்டையார்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் வளைகுடாவில் வேலை பார்த்தவர் இல்லாத தெரு குறைவு. வேலையை முடித்துக்கொண்டு திரும்புகிறவர்களிடம் வரியைப் பற்றிக் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "182 நாள் ஆகாம பாத்துக்கணும்ணே, அவ்வளவுதான்." சிலர் அதற்காகவே டிக்கெட்டைத் தள்ளிப் போடுகிறார்கள். சிலர் நடுவில் பத்து நாள் இலங்கைக்குப் போய்விட்டு வருகிறார்கள்.

ஒரு நிதியாண்டில் இந்தியாவில் இருக்கும் நாள்களைச் சொல்லும் அந்த எண் தவறில்லை. ஆனால் பத்து, பன்னிரண்டு வருஷம் வெளியே இருந்துவிட்டு நிரந்தரமாகத் திரும்புகிறவருக்கு அது அவ்வளவு பெரிய விஷயமும் இல்லை. சிலருக்கு 182-ஐத் தாண்டுவதே லாபம். அவரை உண்மையில் பிடிப்பது வேறொன்று: வெளிநாட்டுச் சம்பளத்தை இங்கே போட்டு வைக்கும் என்.ஆர்.இ டெபாசிட்டின் வட்டி. அதற்கு நாள் கணக்கே கிடையாது. அந்த வரிசையிலேயே பார்ப்போம்.

முதல் படி: தேதிகளை எழுதி வையுங்கள்

ஆடிட்டரிடம் போவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை இது. பழைய பாஸ்போர்ட்டுகள் எல்லாவற்றையும் எடுங்கள். கடந்த பத்து வருஷத்தில் இந்தியாவுக்குள் வந்த தேதி, கிளம்பிய தேதி இரண்டையும் ஒரு எக்செல் தாளில் ஏற்றுங்கள். வந்த தேதி A பத்தியில், கிளம்பிய தேதி B பத்தியில் என்றால், நாள் எண்ணிக்கைக்கு இது போதும்:

```
=B2-A2+1
```

அந்த +1 எதற்கு என்றால், வந்த நாள், கிளம்பிய நாள் இரண்டையும் எண்ணுவதற்கு. வந்த நாளை எண்ண வேண்டியதில்லை என்று சொன்ன தீர்ப்பாய முடிவுகள் உண்டு. ஆனாலும் ஒன்றிரண்டு நாள் வித்தியாசத்தில் வழக்காடிக்கொண்டிருக்க யாருக்கும் நேரமில்லை. இரண்டையும் எண்ணுவதே பாதுகாப்பு. இன்னொன்று, கணக்கு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையிலான நிதியாண்டுக்குத்தான். மார்ச் 20-ல் வந்து ஏப்ரல் 25-ல் போயிருந்தால் அந்த ஒரு விடுப்பை இரண்டு வரிசையாகப் பிரித்து எழுதுங்கள்: மார்ச்சில் 12 நாள் ஒரு ஆண்டுக்கு, ஏப்ரலில் 25 நாள் அடுத்த ஆண்டுக்கு.

முத்திரைகளில் ஒரு தொல்லை இருக்கிறது. தானியங்கி வாயில் வழியாகப் போனால் பாஸ்போர்ட்டில் முத்திரை விழாமல் போகலாம். பழைய பாஸ்போர்ட்டில் மை அழிந்தும் போயிருக்கும். சவூதியில் இருப்பவர்கள் வேலையை விடுவதற்கு முன்பே அப்ஷெர் கணக்கில் பயணப் பதிவை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. இகாமா முடிந்து, சிம்மும் போன பிறகு அந்தக் கணக்குக்குள் நுழைவது பெரும்பாடு. விமான டிக்கெட் வந்த மின்னஞ்சல்களையும் அழிக்காதீர்கள்.

இரண்டாம் படி: அந்த ஆண்டு நீங்கள் ரெசிடென்டா, இல்லையா?

இதற்கு இரண்டு சோதனை. நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் நீங்கள் ரெசிடென்ட், அதாவது வரிக் கணக்கில் இந்தியாவில் வசிப்பவர். அது இல்லாவிட்டாலும், அந்த ஆண்டில் 60 நாளும் அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் சேர்த்து 365 நாளும் இருந்திருந்தால் அப்போதும் ரெசிடென்ட்.

வெளிநாட்டில் இருக்கும் இந்தியர் விடுப்புக்கு வந்து போகும்போது அந்த 60 நாள் என்பது 182 ஆக மாறும். இந்தியாவில் மட்டும் 15 லட்சத்துக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 120 ஆக மாறும். நம் பக்கத்துக் கதை பெரும்பாலும் முதல் வகைதான். ஆனால் இந்தச் சலுகை 'வந்து போகிறவருக்கு'. வேலையை விட்டு மொத்தமாகத் திரும்பும் ஆண்டில் நீங்கள் வந்து போகிறவர் இல்லை. அப்போது 60 நாள் விதி திரும்பவும் உயிர் பெறும்.

பயப்பட வேண்டாம். வருஷத்துக்கு ஒரு மாதம், ஒன்றரை மாதம் விடுப்பில் வந்தவருக்கு நான்கு ஆண்டுக் கூட்டுத்தொகை 365-ஐத் தொடவே தொடாது. ஆகவே 60 நாள் விதி அவரைச் சீண்டாது. மாட்டுகிறவர்கள் எண்ணெய்க் கிணற்றில் 28 நாள் வேலை, 28 நாள் வீடு என்று சுழற்சியில் இருந்தவர்கள். அவர்களுக்கு 365 மூன்றாம் வருஷத்துக்குள்ளேயே நிறைந்துவிடும். பிப்ரவரிக்கு முன் திரும்பினால் 60 நாள் எளிதில் தாண்டும். அந்த ஆண்டு முழுக்க அவர்கள் ரெசிடென்ட். கப்பலில் போகிறவர்களுக்கு சி.டி.சி-யில் பதிவாகும் ஏறிய தேதி, இறங்கிய தேதியை வைத்துத் தனிக் கணக்கு உண்டு. அது வேறு கட்டுரைக்கான விஷயம்.

'அந்த ஆண்டு முழுக்க' என்பதைக் கவனியுங்கள். திரும்பிய தேதிக்கு முன்பு ஒரு நிலை, பின்பு ஒரு நிலை என்று ஆண்டைப் பாதியாக வெட்டும் வழக்கம் இந்திய வருமான வரிச் சட்டத்தில் இல்லை. ரெசிடென்ட் என்றால் ஏப்ரல் 1 முதல் ரெசிடென்ட். 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த 2025-ஆம் ஆண்டுச் சட்டம் 'வரி ஆண்டு' என்று பெயரை மாற்றியிருக்கிறது. இந்த நாள் கணக்கை மாற்றவில்லை.

மூன்றாம் படி: ரெசிடென்ட் என்றால் எந்த வகை?

இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். ரெசிடென்ட்டில் இரண்டு வகை. ஒருவர் சாதாரண ரெசிடென்ட். உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் இந்தியாவில் வரிக் கணக்கில் காட்ட வேண்டும். இன்னொருவர் ஆர்.என்.ஓ.ஆர், பெயரில் ரெசிடென்ட், ஆனால் வெளிநாட்டில் ஈட்டி வெளிநாட்டிலேயே பெற்ற சம்பளத்துக்கும், அங்குள்ள வங்கி வட்டிக்கும் இங்கே வரி இல்லை. இந்தியாவிலிருந்து நடத்தும் தொழிலின் வெளிநாட்டு லாபத்துக்கு மட்டும் உண்டு. சம்பளக்காரருக்கு அதனால் பாதிப்பில்லை.

ஆர்.என்.ஓ.ஆர் ஆக இரண்டில் ஒன்று போதும். முந்தைய பத்து நிதியாண்டுகளில் ஒன்பதில் நான்-ரெசிடென்ட்டாக இருந்திருக்க வேண்டும். அல்லது முந்தைய ஏழு நிதியாண்டுகளில் மொத்தம் 729 நாளுக்கு மேல் இந்தியாவில் இருந்திருக்கக் கூடாது.

நீண்ட காலம் வெளியே இருந்தவருக்கு இது சுலபம். ஆனால் நான்கு வருஷம் மட்டும் போய் வந்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய முந்தைய ஏழு ஆண்டில் மூன்று ஆண்டு முழுக்க இங்கேதான். 729 அங்கேயே தாண்டிவிட்டது. பத்துக்கு ஒன்பதும் இல்லை. அவர் செப்டம்பரில் திரும்பி 182 நாளைத் தாண்டினால் நேராகச் சாதாரண ரெசிடென்ட். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை வளைகுடாவில் வாங்கிய சம்பளம் இங்கே வரிக்குள் வந்துவிடும். அங்கே வருமான வரி கட்டியிராததால் கழித்துக்கொள்ளவும் எதுவும் இருக்காது. 182 நாளுக்குப் பயப்பட வேண்டியவர் இவர்தான். டிக்கெட் போடும் முன் ஆடிட்டரைப் பார்க்க வேண்டியவரும் இவர்தான்.

நான்காம் படி: ஒரு கணக்கை முழுசாகப் போட்டுப் பார்ப்போம்

தண்டையார்பேட்டையில் சொந்த வீடு. 2013 முதல் ஜுபைலில் வெல்டிங் சூப்பர்வைசர். கொரோனா ஆண்டான 2020-21-ல் ஊருக்கு வரவே இல்லை. அதற்குப் பின் 2024-25 வரை நான்கு ஆண்டு, ஆண்டுக்கு 35 நாள் விடுப்பு. 2025 ஜூன் 1 முதல் ஜூலை 5 வரை மறுபடி 35 நாள். அப்புறம் நவம்பர் 10-ஆம் தேதி மொத்தமாகத் திரும்பிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம்.

நவம்பர் 10 முதல் மார்ச் 31 வரை 142 நாள். ஜூன் விடுப்பையும் சேர்த்தால் 177. முந்தைய நான்கு ஆண்டுகளில் 140 நாள்தான். ஆகவே 2025-26-ல் அவர் நான்-ரெசிடென்ட். '182 ஆகாம பாத்துக்கிட்டார்'.

இப்போது அவருடைய இந்திய வருமானத்தைப் பாருங்கள். வீட்டின் இரண்டு போர்ஷன் வாடகை மாதம் 30,000. வருஷத்துக்கு 3,60,000. அதில் 30 சதவீதம் கழிவு போக 2,52,000. இந்திய வருமானத்தைப் போட்டு வைக்கும் என்.ஆர்.ஓ டெபாசிட்டின் வட்டி 1,85,000. என்.ஆர்.இ-யில் 60 லட்சம், 7 சதவீதம். திரும்பிய பிறகான 142 நாளுக்கு வட்டி சுமார் 1,63,000. (இது ஏன் வரிக்குள் வருகிறது என்பது அடுத்த படியில்.) மொத்தம் 6 லட்சம். புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரியில்லை; மீதி 2 லட்சத்துக்கு 5 சதவீதம், அதன்மேல் 4 சதவீத செஸ். கட்ட வேண்டியது 10,400 ரூபாய்.

அதே ஆள் ஆறு நாள் முன்னதாக, நவம்பர் 4-ல் வந்திருந்தால்? 148-உம் 35-உம் சேர்த்து 183 நாள். ரெசிடென்ட். ஆனால் முந்தைய பத்து ஆண்டும் நான்-ரெசிடென்ட்டாக இருந்ததால் ஆர்.என்.ஓ.ஆர். ஏப்ரல் முதல் வாங்கிய சவூதி சம்பளத்துக்கு வரி இல்லை. இந்திய வருமானம் என்.ஆர்.இ வட்டியால் ஏழாயிரம் கூடும். ஆனாலும் வரி பூஜ்யம். காரணம், 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கு வரியை முழுசாகத் தள்ளுபடி செய்யும் 87ஏ சலுகை ரெசிடென்ட்டுக்கு மட்டும்தான். ஆர்.என்.ஓ.ஆர் அதற்குத் தகுதியானவர்; நான்-ரெசிடென்ட்டுக்கு அந்தத் தகுதி இல்லை. பங்கு விற்ற லாபம் போன்ற தனி விகித வருமானத்துக்கு இந்தத் தள்ளுபடி பொருந்தாது. வாடகை, வட்டிக்குப் பொருந்தும்.

அப்போ ஆர்.என்.ஓ.ஆர் காலத்தில் ஒரு வருஷத்தை வீணாக்கிவிட்டோமா என்ற கேள்வி வரும். நல்ல கேள்வி. நவம்பர் 10-ல் வந்தவருக்கு 2026-27, 2027-28 இரண்டு ஆண்டும் ஆர்.என்.ஓ.ஆர்; 2028-29-ல் சாதாரண ரெசிடென்ட். நவம்பர் 4-ல் வந்தவருக்கு 2025-26, 2026-27 இரண்டும் பத்துக்கு ஒன்பது விதியில் போய்விடும். 2027-28-ல் அந்த விதி கைவிடும், ஏனென்றால் பத்தில் எட்டுதான் இருக்கிறது. ஆனால் 729 விதி கைகொடுக்கும்: முந்தைய ஏழு ஆண்டில் பழைய விடுப்புகள் 140, திரும்பிய ஆண்டு 183, அடுத்த முழு ஆண்டு 365. கூட்டினால் 688. ஆகவே அந்த ஆண்டும் ஆர்.என்.ஓ.ஆர். இவரும் 2028-29-ல்தான் சாதாரண ரெசிடென்ட் ஆகிறார். ஆறு நாள் முன்னால் வந்ததால் அவர் இழந்தது ஒன்றுமில்லை.

இது எல்லோருக்கும் பொருந்தாது. இவருக்கு 2020-21 முதல் 2024-25 வரை ஐந்து ஆண்டு விடுப்பு 181 நாளுக்குள் இருந்ததால் தப்பித்தார். நான்கு தடவையும் 50 நாள் வந்திருந்தால் 200 ஆகி, கூட்டுத்தொகை 748-ஐத் தொட்டு, 2027-28-லேயே சாதாரண ரெசிடென்ட் ஆகியிருப்பார். வெளிநாட்டில் பெரிய டெபாசிட்டோ வாடகை வீடோ வைத்திருப்பவருக்கு அந்த ஒரு வருஷம் 10,400 ரூபாயைவிடப் பெரிது. அதனால்தான் முதல் படியில் அந்தத் தாளைப் போடச் சொன்னேன்.

ஐந்தாம் படி: வங்கிக்குப் போங்கள், இதைத் தள்ளிப் போடாதீர்கள்

இதுவரை பேசியது வருமான வரிச் சட்டம். வங்கிக் கணக்குகளை ஆள்வது ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டம். திரும்பி வருகிறவர் விஷயத்தில் அது நாளை எண்ணிக்கொண்டிருப்பதில்லை, நோக்கத்தைப் பார்க்கிறது. வேலையை விட்டு இங்கேயே இருக்கும் எண்ணத்தில் இறங்கினால், மீனம்பாக்கத்தில் கால் வைத்த நாள் முதல் நீங்கள் ஃபெமாவின்படி ரெசிடென்ட்.

என்.ஆர்.இ வட்டிக்கான வரிவிலக்கு இந்த ஃபெமா நிலையோடு கட்டப்பட்டிருக்கிறது. வருமான வரிக் கணக்கில் நீங்கள் நான்-ரெசிடென்ட்டாகவே இருந்தாலும் சரி, ஆர்.என்.ஓ.ஆர் ஆக இருந்தாலும் சரி, நிரந்தரமாகத் திரும்பிய நாளிலிருந்து அந்த வட்டிக்கு விலக்கு இல்லை. நம் சூப்பர்வைசரின் 1,63,000 இப்படித்தான் உள்ளே வந்தது. கணக்கின் பெயர் பாஸ்புக்கில் இன்னும் என்.ஆர்.இ என்று இருப்பது விலக்கைத் தராது. வங்கியோ, நீங்கள் சொல்லாத வரை டி.டி.எஸ் பிடிக்காமல் வட்டியைப் போட்டுக்கொண்டே இருக்கும். எதுவும் பிடிக்காததால் யாருக்கும் உறைப்பதில்லை. இரண்டு மூன்று வருஷம் கழித்து நோட்டீஸ் வரும்போதுதான் தெரியும்.

ஆகவே திரும்பியதும் கிளைக்குப் போய் நிலை மாற்றத்துக்கு எழுதிக் கொடுங்கள். என்.ஆர்.இ, என்.ஆர்.ஓ சேமிப்புக் கணக்குகள் சாதாரணக் கணக்காக மாறும். என்.ஆர்.இ டெபாசிட்டை உடைக்க வேண்டியதில்லை. ரெசிடென்ட் டெபாசிட்டாகப் பெயர் மாறி முதிர்வு வரை ஓடும். திரும்பிய தேதி வரை எவ்வளவு வட்டி, அதற்குப் பின் எவ்வளவு என்று பிரித்து ஒரு சான்று கேட்டு வாங்குங்கள். கவுன்டரில் "அதெல்லாம் சிஸ்டத்துல வராது சார்" என்பார்கள். விடாதீர்கள், மேலாளருக்கு எழுத்தில் கொடுங்கள். என்.ஆர்.ஓ வட்டியில் 30 சதவீதத்துக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்த டி.டி.எஸ் நிலை மாறியதும் 10 சதவீதமாக இறங்குவது கூடுதல் லாபம்.

வெளிநாட்டு நாணயத்திலேயே வைத்திருக்கும் எஃப்.சி.என்.ஆர் டெபாசிட் இருந்தால் அதைத் தொடாதீர்கள். முதிர்வு வரை அதே வட்டியில் ஓட அனுமதி உண்டு. அதன் வட்டிக்கு, நீங்கள் நான்-ரெசிடென்ட் அல்லது ஆர்.என்.ஓ.ஆர் ஆக இருக்கும் வரை வரி இல்லை. ஆர்.எஃப்.சி என்கிற வெளிநாட்டு நாணயக் கணக்குக்கும் இதே விலக்குதான். கையில் இருக்கும் டாலரை அவசரமாக ரூபாயாக்க வேண்டாம் என்று நினைப்பவர்கள் ஆர்.எஃப்.சி-யைப் பற்றிக் கிளையில் கேட்கலாம். எல்லாக் கிளையிலும் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஆறாம் படி: அங்கே வர வேண்டிய பணம்

கடைசிச் சம்பளம், விடுப்புச் சம்பளம், பணிக்கொடை எல்லாம் அங்குள்ள உங்கள் வங்கிக் கணக்கில் வந்து விழட்டும். பிறகு நீங்கள் இங்கே அனுப்பிக்கொள்ளலாம். வெளிநாட்டில் ஏற்கெனவே பெற்றுவிட்ட பணத்தை ஊருக்குக் கொண்டுவருவது வருமானம் அல்ல, எத்தனை லட்சமாக இருந்தாலும். ஆனால் நிறுவனமே நேராகச் சென்னைக் கணக்கில் போட்டால், 'இந்தியாவில் பெற்ற வருமானம்' என்ற கேள்விக்கு இடம் கொடுத்தது போலாகும். நான்-ரெசிடென்ட்டுக்கும் ஆர்.என்.ஓ.ஆருக்கும் இந்தியாவில் பெறும் வருமானத்துக்கு வரி உண்டு. பணிக்கொடை வந்து சேரும் வரை அங்குள்ள கணக்கை மூடாதீர்கள். நான்-ரெசிடென்ட்டாக இருந்தபோது சேர்த்த வெளிநாட்டுக் கணக்கை, திரும்பிய பிறகும் வைத்திருக்க ஃபெமா அனுமதிக்கிறது.

ஏழாம் படி: கணக்குத் தாக்கல்

நான்-ரெசிடென்ட்டும் ஆர்.என்.ஓ.ஆரும் ITR-1 போட முடியாது. வாடகையும் வட்டியும் மட்டுமே இருந்தாலும் ITR-2 தான். அதில் வசிப்பு நிலை கேட்கும் இடத்தில் சரியானதைத் தேர்ந்தெடுத்து, உங்கள் தாளில் உள்ள நாள் எண்ணிக்கையை நிரப்புங்கள். அவசரத்தில் சாதாரண ரெசிடென்ட் என்று அழுத்தினால், வெளிநாட்டு வருமானத்தை ஏன் காட்டவில்லை என்ற கேள்வியை நீங்களே வரவழைப்பதாகும். நான்-ரெசிடென்ட் என்பதால் பான்-ஆதார் இணைப்பில் விலக்கு பெற்றிருந்தால், ரெசிடென்ட் ஆனதும் அதையும் முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பான் செயலிழக்கும்.

ஆர்.என்.ஓ.ஆர் காலம் முடிந்த முதல் தாக்கலில் Schedule FA என்ற பகுதி திறக்கும். வெளிநாட்டு வங்கிக் கணக்கு, பங்கு, சொத்து எல்லாவற்றையும் அதில் எழுத வேண்டும். கணக்கில் நூறு ரியால் கிடந்தாலும் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் கறுப்புப் பணச் சட்டத்தின்கீழ் அபராதம் 10 லட்சம். வீடு, நிலம் நீங்கலான வெளிநாட்டுச் சொத்துகளின் மொத்த மதிப்பு 20 லட்சத்துக்குள் இருந்தால் 2024 அக்டோபர் முதல் அந்த அபராதம் இல்லை என்றாலும், எழுதும் கடமை அப்படியேதான் இருக்கிறது.

அந்தப் பகுதி நிதியாண்டைப் பார்ப்பதில்லை, ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான ஆண்டைப் பார்க்கிறது. நம் சூப்பர்வைசர் 2028-29-க்குத் தாக்கல் செய்யும்போது 2028 ஜனவரி முதல் இருந்த கணக்குகளைக் கேட்கும், ஜனவரியிலிருந்து மார்ச் வரை அவர் ஆர்.என்.ஓ.ஆர் ஆக இருந்தபோதும். ஜுபைல் கணக்கு இனி வேண்டாம் என்றால் அவர் அதை மூட வேண்டிய கடைசி நாள் 2027 டிசம்பர் 31; 2028 மார்ச் 31 அல்ல.